தொடர்புடைய தேடல்களும் கேள்விப் பெட்டியும் எங்கிருந்து வருகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் தேடக் கற்றுக்கொள்பவர்களும் இணையத்தில் எழுதுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா விளக்கத்துக்கும் டெங்குக் காய்ச்சல் பற்றிய ஒரே தேடலை எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பதால், வரிசையாகப் படிப்பது எளிது.

டைப் பண்ணும்போது கீழே விழுவது, நடுவில் வரும் கேள்விகள், பக்கத்தின் அடியில் வருவது, மூன்றும் ஒன்றுதானே?

மூன்றும் பழைய தேடல்களிலிருந்தே பிறக்கின்றன, ஆனால் மூன்றின் வேலையும் வேறு. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே தோன்றும் பட்டியல் உங்கள் சொற்றொடரை முடித்துக் கொடுக்க முயல்கிறது. ஆகவே, நீங்கள் இதுவரை இட்ட எழுத்துகளுடன் தொடங்கும் தேடல்களையே அது பெரும்பாலும் காட்டும். கூகுள் இதை 2004 டிசம்பரில் சோதனை முயற்சியாக வெளியிட்டு, 2008இல் தன் முகப்புப் பக்கத்திலேயே எல்லோருக்கும் வைத்தது.

பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்கள், நீங்கள் எழுதி முடித்த பிறகு பிறப்பவை. எழுத்து ஒற்றுமை அவற்றுக்குக் கட்டாயமில்லை, பொருள் தொடர்பே போதும். People also ask என்ற தலைப்பில் வரும் கேள்விப் பெட்டி 2015இல் பரவலாகத் தோன்றத் தொடங்கியது. அது தொடர்புடைய ஒன்றைக் கேள்வி வடிவில் தருவதோடு நிற்காமல், ஏதேனும் ஓர் இணையப் பக்கத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் பதிலாகவும் வைக்கிறது. இந்தக் கடைசி வேறுபாடு முக்கியமானது. கேள்வி வந்த வழி வேறு, பதில் வந்த வழி வேறு என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து எழுதுகிறார்களா?

இல்லை. இவற்றுக்கான மூலப்பொருள் தேடல் பதிவேடு. ஒருவர் தேடும் ஒவ்வொரு முறையும், என்ன எழுதினார், எப்போது எழுதினார், வந்த முடிவுகளில் எத்தனையாவதைத் திறந்தார் என்பவை ஒரு வரியாகப் பதிவாகின்றன. அத்தகைய பதிவேடு எப்படி இருக்கும் என்பதை வெளியுலகம் நேரடியாகப் பார்த்தது 2006 ஆகஸ்டில். அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல், ஆய்வாளர்களுக்காக என்று சொல்லி, ஏறத்தாழ 6,50,000 பயனர்கள் மூன்று மாதங்களில் செய்த சுமார் 2 கோடி தேடல்களை வெளியிட்டது. பெயருக்குப் பதில் ஓர் எண், தேடல் சொற்றொடர், நேரம், திறந்த முடிவின் வரிசை எண், அந்த முடிவின் முகவரி என்ற ஐந்து செய்திகளே ஒவ்வொரு வரியிலும் இருந்தன.

மனிதர்களுக்கு இதில் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. எவற்றைக் காட்டக்கூடாது என்ற விதிகளை மனிதர்களே வகுக்கிறார்கள், புகார்களையும் மனிதர்கள் பார்க்கிறார்கள். ஆனால் "டெங்கு" என்று தேடுபவருக்கு இன்ன கேள்வியைக் காட்டலாம் என்று யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை.

இரண்டு தேடலுக்கும் தொடர்பு இருக்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் நாமே சொல்லிக் கொடுக்கிறோம், நம்மை அறியாமலே. ஒருவர் காலை 10 மணிக்கு "டெங்கு அறிகுறிகள்" என்று தேடுகிறார். இரண்டு பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டு, நான்கு நிமிடம் கழித்து "டெங்கு பிளேட்லெட் எண்ணிக்கை" என்று தேடுகிறார். அதன்பின் "டெங்கு நோயாளிக்கு உணவு" என்று தேடுகிறார். ஒரே மனிதர், ஒரே தேவை, அடுத்தடுத்த மூன்று சொற்றொடர்கள். இப்படி இடைவெளியின்றித் தொடரும் தேடல்களின் தொகுதியை அமர்வு என்பார்கள். எங்கே ஓர் அமர்வு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தீர்மானிக்க ஆய்வாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய எளிய விதி, 30 நிமிடம் எதுவும் தேடாமல் இருந்தால் புதிய அமர்வு என்பது. 1990களின் இறுதியில் ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறியின் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள் 5 நிமிடத்தையே எல்லையாக வைத்தார்கள்.

இந்த எல்லை பார்ப்பதற்குச் சிறிய விவரம்தான், ஆனால் பிழைகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. எல்லை நீண்டால், காய்ச்சலைப் பற்றித் தேடியவர் இருபது நிமிடம் கழித்து ரயில் நேரம் பார்த்ததும் அதே அமர்வில் விழும், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதுபோல் ஒரு பொய்த் தடயம் உண்டாகும். எல்லை குறுகினால், ஒரு நீண்ட கட்டுரையைப் பொறுமையாகப் படித்துவிட்டு வந்து அடுத்ததைத் தேடியவரின் உண்மையான தொடர்ச்சி அறுந்துபோகும். அதனால் பிற்கால முறைகள் நேரத்தை மட்டும் நம்பாமல், அடுத்தடுத்த தேடல்களுக்குப் பொதுவான சொற்கள் உண்டா, இரண்டுக்கும் வரும் முடிவுகள் ஒத்திருக்கின்றனவா என்பவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன.

அப்படியென்றால் எதை நிறையப் பேர் தேடுகிறார்களோ அதுதான் மேலே வருமா?

இதுதான் மிகப் பரவலான தவறான எண்ணம். எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்தால் எந்தத் தேடலுக்கும் வானிலையும் கிரிக்கெட்டுமே தொடர்புடையவையாக வரும், ஏனென்றால் எல்லோரும் எந்த நாளிலும் அவற்றைத் தேடுகிறார்கள். பார்க்க வேண்டியது, தற்செயலாக எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட எத்தனை மடங்கு கூடுதலாக இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதே. விளக்கத்துக்காக நான் அமைத்த எண்களைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மொத்தம் 10,00,000 அமர்வுகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் 2,000 அமர்வுகளில் "டெங்கு அறிகுறிகள்" என்ற தேடல் உண்டு. "வானிலை" என்பது 1,00,000 அமர்வுகளில், அதாவது பத்தில் ஒன்றில் உண்டு. எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், 2,000 டெங்கு அமர்வுகளில் பத்தில் ஒன்றான 200இல் வானிலை வந்தே தீரும். பதிவேட்டில் 220 இருந்தால், எதிர்பார்த்ததைவிட 1.1 மடங்குதான். "பிளேட்லெட் எண்ணிக்கை" மொத்தமே 1,500 அமர்வுகளில்தான் வருகிறது என்று கொள்வோம். தற்செயலாக அது டெங்கு அமர்வுகளில் 3 முறை வரலாம். ஆனால் பதிவேட்டில் 180 முறை வந்திருந்தால், அது 60 மடங்கு. வானிலையின் 220ஐவிட 180 சிறிய எண். ஆனாலும் தொடர்பு இதில்தான் இருக்கிறது.

இங்கே இன்னொரு பொறி உண்டு. பதிவேட்டில் மொத்தமே 2 முறை வந்த ஏதோ ஒரு விசித்திரச் சொற்றொடர், ஒரு முறை டெங்கு அமர்வில் விழுந்துவிட்டது என்று வையுங்கள். எதிர்பார்க்கும் அளவு 0.004, கிடைத்தது 1, ஆகவே 250 மடங்கு. மடங்கை மட்டும் நம்பினால் இந்தத் தற்செயல் எல்லாவற்றையும் முந்திவிடும். இதைத் தடுக்க, எத்தனை முறை பார்த்தோம் என்ற உறுதியையும் கணக்கில் சேர்க்கும் அளவீடுகள் வேண்டும். அவற்றில் புகழ்பெற்றது டன்னிங் என்பவர் 1993இல் சொல்லாய்வுக்காக முன்வைத்த நிகழ்தகவு விகிதச் சோதனை. 2006இல் யாஹூ ஆய்வாளர்கள் அடுத்தடுத்த தேடல் இணைகளை மதிப்பிட இதையே கையாண்டார்கள். இந்தச் சோதனையில் மதிப்பு எவ்வளவு பெரிதோ, தொடர்பு தற்செயலல்ல என்பது அவ்வளவு உறுதி. நம் எண்களுக்கு இதைப் போட்டால், பிளேட்லெட்டுக்கு ஏறக்குறைய 1,160, விசித்திரச் சொற்றொடருக்கு 10, வானிலைக்கு 2 என்று கிடைக்கிறது. நம் பொதுப்புத்தி எதிர்பார்க்கும் வரிசை இதில் சரியாக வந்துவிடுகிறது.

ஒரு சொல்கூட ஒத்துப்போகாத ஒன்று எப்படித் தொடர்புடையதாக வருகிறது?

டெங்குவுக்கு எலும்பு முறிவுக் காய்ச்சல் என்ற பொருள் தரும் ஒரு பெயர் ஆங்கிலத்தில் உண்டு. அந்தப் பெயரில் தேடுபவர் "டெங்கு" என்று ஒருபோதும் தேடாமலே போகலாம், எனவே அமர்வுகளில் இந்த இரண்டும் அருகருகே வராது. ஆனால் இரு பெயர்களில் தேடியவர்களும் முடிவுகளில் அதே உலக சுகாதார நிறுவனப் பக்கத்தைத் திறக்கிறார்கள். ஒருபுறம் தேடல்கள், மறுபுறம் பக்கங்கள் என்று இரு வரிசைகளை எழுதி, எந்தத் தேடலிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று கோடு போட்டால், ஒரே பக்கத்தில் வந்து சேரும் தேடல்கள் பொருளில் நெருங்கியவை என்று கொள்ளலாம். லைக்கோஸ் தேடுபொறியின் பதிவேட்டைக் கொண்டு பீஃபர்மனும் பெர்கரும் 2000இல் இந்த வழியில் தேடல்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துக் காட்டினார்கள். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் படிக்கவே இல்லை, யார் எதைத் திறந்தார்கள் என்பது மட்டும் போதுமானதாக இருந்தது.

இரண்டு தடயங்களும் தருவது வெவ்வேறு வகையான உறவு என்பதைக் கவனியுங்கள். முந்தைய கேள்வியில் பார்த்த அமர்வுத் தொடர்ச்சி, "இதற்கு அடுத்து என்ன" என்பதைச் சொல்கிறது. பொதுவாகத் திறந்த பக்கங்கள், "இதையே வேறு எப்படிச் சொல்வார்கள்" என்பதைச் சொல்கின்றன. அடியில் வரும் பட்டியலில் சில உங்கள் தேடலின் மறுவடிவமாகவும், சில அடுத்த படியாகவும் கலந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

கேள்விப் பெட்டியில் இருக்கும் கேள்வியை நிஜமாகவே யாராவது கேட்டார்களா?

பல கேள்விகள் அப்படியே யாரோ தேடியவைதான், ஏனெனில் மக்கள் தேடுபொறியில் முழுக் கேள்விகளையும் எழுதுகிறார்கள். ஆனால் நீங்கள் காணும் வடிவம் ஒரு கூட்டத்தின் பிரதிநிதி. "டெங்கு எத்தனை நாள் இருக்கும்", "டெங்கு காய்ச்சல் எப்போது குணமாகும்", "டெங்கு சரியாக எவ்வளவு நாள் ஆகும்" என்று பல விதமாகக் கேட்டவர்களை, ஒரே பதில் போதும் என்ற அடிப்படையில் ஒன்றாகச் சேர்த்து, அவற்றில் தெளிவாக அமைந்த ஒன்றை முன்னிறுத்த வேண்டும். சேர்க்காவிட்டால் பெட்டியின் நான்கு வரிகளும் ஒரே கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கும்.

நல்ல கேள்வியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஒரு கட்டுரை நல்ல சான்று. தொடர்புடையதாக இருக்கும் கேள்வி பயனுள்ளதாக இருக்க வேண்டியதில்லை என்பது அவர்களின் வாதம். பயனற்ற பரிந்துரைகளை ஐந்தாக வகைப்படுத்தினார்கள்: தேடியவரின் நோக்கத்தைத் தவறவிட்டவை, அளவுக்கு மீறிக் குறுகியவை, தேடியவர் ஏற்கெனவே கடந்து வந்த படியைக் கேட்பவை, தேடலையே திருப்பிச் சொல்பவை, பதில் ஏற்கெனவே கண்முன் இருப்பவை. மூன்றாவது வகை என்னை மிகவும் கவர்ந்தது. பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றித் தேடுபவரிடம் "டெங்கு என்றால் என்ன?" என்று கேட்பது தொடர்புடையதுதான், ஆனால் அவர் அந்த இடத்தைத் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது. அமர்வில் எது முன்னே, எது பின்னே என்ற திசையையும் கற்றுக்கொண்டால்தான் இதைத் தவிர்க்க முடியும். அந்த ஆய்வில் கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதுடன், தானே வாக்கியங்களை அமைக்கும் மொழி மாதிரி என்ற கணினி நிரலைக் கொண்டு புதிய கேள்விகளை உருவாக்கியும் பார்த்தார்கள். ஆகவே, "மக்கள் கேட்கிறார்கள்" என்ற தலைப்பை ஒவ்வொரு வரிக்கும் எழுத்துப் பிசகாமல் பொருத்தக்கூடாது.

ஒன்றைத் திறந்தால் அடியில் இன்னும் சில முளைக்கின்றனவே, இதற்கு முடிவே இல்லையா?

2017 முதல் கூகுளின் பெட்டி இப்படி வளர்கிறது. நீங்கள் திறந்த கேள்வியே புதிய தேடலைப்போல் எடுத்துக்கொள்ளப்பட்டு, அதற்கு நெருங்கியவை சேர்க்கப்படுகின்றன. உணவு பற்றிய கேள்வியைத் திறந்தால் உணவுக் கேள்விகளும், பரவும் விதம் பற்றியதைத் திறந்தால் கொசுவைப் பற்றிய கேள்விகளும் பெருகும். ஐந்தாறு முறை திறந்த பிறகு வரும் கேள்வி, முதல் தேடலுக்கு அல்லாமல் கடைசியாகத் திறந்த கேள்விக்கே நெருக்கமாக இருக்கும். டெங்குவில் தொடங்கி மாதுளம்பழத்தின் சத்துகளில் போய் நிற்பது இப்படித்தான் நேர்கிறது. அதைப் பார்த்து, டெங்குவுக்கும் மாதுளைக்கும் மருத்துவத் தொடர்பு நிறுவப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

அந்தப் பெட்டியில் உள்ள பதிலை நம்பலாமா?

கேள்வி பெட்டிக்குள் வந்ததற்குக் காரணம் பலர் அதைக் கேட்டது. பதில் வந்ததற்குக் காரணம், தேடுபொறி அந்தக் கேள்விக்குப் பொருத்தமாகக் கருதிய ஒரு பக்கத்தில் அதற்கு விடைபோல் அமைந்த பத்தி இருந்தது. முதலாவது, கேள்வியில் மறைந்திருக்கும் ஊகம் சரி என்பதற்கு உத்தரவாதம் தரவில்லை. இரண்டாவது, பத்தி பொருந்துகிறது என்பதைக் காட்டுகிறதே தவிர, உண்மை என்பதை அல்ல. பப்பாளி இலைச் சாறு டெங்குவைக் குணப்படுத்துமா என்ற கேள்வி பெட்டியில் இருப்பது, பலர் அந்தக் கேள்வியோடு வருகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. "எத்தனை வேளை பப்பாளி இலைச் சாறு கொடுக்க வேண்டும்?" என்பது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் கொடுக்கத்தான் வேண்டும் என்பதை அது ஏற்றுக்கொண்டே தொடங்குகிறது. அந்தக் கேள்விக்குப் பொருந்தும் பத்தியும் அதே ஊகத்தோடு எழுதிய பக்கத்திலிருந்தே வர வாய்ப்பு அதிகம்.

மருத்துவத்தில் நான் சொல்லக்கூடிய வழி, பத்தியைப் படித்ததும் அது எடுக்கப்பட்ட பக்கத்தைத் திறந்து, யார் எழுதியது, முழு வாக்கியம் என்ன என்று பார்ப்பது. டெங்குவில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரினையும் இபுப்ரோஃபனையும் தவிர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இதில் முதல் பாதி மட்டும் பத்தியாக வெட்டப்பட்டு வந்தால், படிப்பவருக்கு மிகத் தேவையான இரண்டாம் பாதி மறைந்துவிடும். சந்தேகத்தைத் தீர்க்க மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நான் தேடுவது அடுத்தவருக்குப் பரிந்துரையாகப் போய்விடுமா?

நீங்கள் ஒருவர் மட்டும் தேடிய சொற்றொடர் பரிந்துரையாகக் கூடாது, அப்படி ஆகாமலிருக்கவே குறைந்தபட்ச எண்ணிக்கை வைக்கப்படுகிறது. எண்ணப்படுவதும் தேடல்களாக இல்லாமல் தேடிய வெவ்வேறு நபர்களாக இருக்க வேண்டும். ஒருவரே நூறு முறை தேடினாலும் அது ஒரு நபர்தான். இந்தத் தடை எவ்வளவு அவசியம் என்பதை மேலே சொன்ன 2006 ஏஓஎல் வெளியீடே காட்டிவிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்கள் இருந்தும், 4417749 என்ற எண்ணுக்குரியவர் தேடிய ஊர்ப்பெயர், குடும்பப் பெயர், உடல்நலச் சிக்கல்கள் ஆகியவற்றைக் கோத்து, நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் சில நாட்களிலேயே அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் சொல்லாத தேடல்கள், ஒன்றுசேர்ந்தால் ஒரு மனிதரைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

எழுதும்போது கடிகாரக் குறியுடன் வரும் வரிகள் வேறு. அவை உங்கள் கணக்கிலோ கருவியிலோ இருக்கும் உங்கள் சொந்தப் பழைய தேடல்கள், உங்களுக்கு மட்டுமே தெரிபவை. குடும்பத்தில் பலர் ஒரே கைபேசியைப் பயன்படுத்தினால் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

கூட்டமாகச் சேர்ந்து தேடினால் பரிந்துரையை மாற்றிவிட முடியுமா?

முயல்கிறார்கள். பொருள்களையும் நிறுவனங்களையும் பரிந்துரைப் பட்டியலில் ஏற்றித் தருவதாகச் சொல்லி வணிகமே நடந்ததை 2018இல் வெளியான ஒரு பாதுகாப்பு ஆய்வு விரிவாக ஆராய்ந்தது. வெவ்வேறு நபர்களை எண்ணும் முறை, இயந்திரத்தனமாக வரும் தேடல்களைக் கழிக்கும் வடிகட்டிகள் ஆகியவை இதற்கு எதிரான தடைகள். செயற்கையாக ஏற்றப்பட்ட சொற்றொடரை அடையாளம் காணச் சில தடயங்களும் உண்டு: அடிப்படைத் தேடலுக்கும் சேர்த்த சொல்லுக்கும் பொருள் ஒட்டாது, தேடியவர்கள் அதன்பின் எந்த முடிவையும் திறப்பதில்லை, எண்ணிக்கை திடீரென எழுந்து அதே வேகத்தில் அடங்கும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, யாரும் திட்டமிடாமலே நடக்கும் சுழற்சி. ஒரு பரிந்துரை மேலே தெரிவதால் பலர் அதைத் தொடுகிறார்கள். தொட்டது புதிய தேடலாகப் பதிவேட்டில் ஏறுகிறது. அந்தப் பதிவு அதே பரிந்துரையை மேலும் வலுப்படுத்துகிறது. ஒரு வதந்தி ஒருமுறை பட்டியலில் நுழைந்துவிட்டால், அதை வதந்தி என்று அறிந்து வியப்போடு தொடுபவரும் அதற்கு ஒரு வாக்கு அளித்தவராகிறார். இதைக் குறைக்க, தானாக எழுதிய தேடலையும் பரிந்துரையைத் தொட்டு வந்த தேடலையும் பதிவேட்டில் பிரித்து வைத்து, இரண்டாவதற்குக் குறைந்த எடை கொடுக்க வேண்டும். மேலே இருந்ததாலேயே கூடுதலாகத் தொடப்பட்ட பங்கையும் கழிக்க வேண்டும்.

ஒருவர் பெயரைப் போட்டால் பக்கத்தில் அவதூறான சொல் வருகிறது, அதை நீக்க வைக்க முடியுமா?

முடியும். இந்தக் கேள்வி ஜெர்மனியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. ஒருவரின் பெயருடன் தானாகத் தோன்றும் சொற்கள் அவரது ஆளுமை உரிமையைப் பாதித்தால், அது தெரிவிக்கப்பட்ட பிறகு கூகுள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று 2013 மே மாதத்தில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு சொற்சேர்க்கையையும் முன்கூட்டியே சோதிக்கும் பொறுப்பை அது சுமத்தவில்லை, அறிந்த பின் பேசாமல் இருக்கக்கூடாது என்பதே அதன் சாரம். தனிமனிதரை இழிவுபடுத்தும் பரிந்துரைகளையும், வெறுப்பையும் வன்முறையையும் தூண்டுபவற்றையும் நீக்குவதாகக் கூகுளின் விதிகளே சொல்கின்றன. பரிந்துரைப் பட்டியலின் அடியில் உள்ள புகார் இணைப்பு அதற்கானது. பரிந்துரையை நீக்கினால் அந்தச் சொற்களில் யாரும் தேட முடியாமல் போவதில்லை, முடிவுகளும் மறைவதில்லை.

தமிழில் தேடினால் மட்டும் ஏன் குறைவாகவும் சம்பந்தமில்லாமலும் வருகிறது?

மேலே பார்த்த கணக்கு எல்லாமே ஒரே சொற்றொடர் பலமுறை வருவதை நம்பி நிற்கிறது. தமிழில் அந்த எண்ணிக்கை சிதறுகிறது. ஒரே தேவையோடு வருபவர்கள் "டெங்கு அறிகுறி", "டெங்கு அறிகுறிகள்", "டெங்குவின் அறிகுறிகள்", "டெங்கு காய்ச்சலுக்கான அறிகுறிகள்" என்றெல்லாம் எழுதுகிறார்கள். வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், எழுத்தளவில் இவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். போதாதற்கு, தமிழர்களில் மிகப் பலர் ரோமன் எழுத்தில் dengue symptoms in tamil என்றோ dengue arikurigal என்றோதான் எழுதுகிறார்கள். 600 பேர் தேடியிருந்தாலும் ஆறு வடிவங்களாகப் பிரிந்து 100, 100 ஆகிவிட்டால், குறைந்தபட்ச எண்ணிக்கை 150 என்று வைத்திருக்கும் ஓர் அமைப்பில் ஒன்றுகூடத் தேறாது. இந்த எண்களும் விளக்கத்துக்கானவை, நேரும் விளைவோ உண்மையானது.

தீர்வு, எண்ணுவதற்கு முன் வடிவங்களை ஒன்றுசேர்ப்பது. உருபுகளைப் பிரித்து வேர்ச்சொல்லைக் காண்பதும், ரோமன் வடிவத்தைத் தமிழ் வடிவத்தோடு இணைப்பதும் இதில் அடங்கும். இரண்டாவதற்கு, ஐந்தாம் கேள்வியில் பார்த்த பொதுப் பக்கங்களின் முறை நன்றாகவே உதவும். dengue arikurigal என்று தேடியவரும் "டெங்கு அறிகுறிகள்" என்று தேடியவரும் ஒரே தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், எழுத்து மாற்றம் தெரியாமலே இரண்டையும் சேர்த்துவிடலாம். ஆனால் திறப்பதற்கு நல்ல தமிழ்ப் பக்கம் இருக்க வேண்டும். இருவரும் ஆங்கிலப் பக்கத்துக்கோ காணொளிக்கோ போய்விட்டால் அந்த இணைப்பும் கிடைக்காது. கேள்விப் பெட்டியில் கேள்வி இருந்து பதில் பொருத்தமில்லாமல் இருந்தால், அந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்லும் தமிழ்ப் பத்தி தேடுபொறிக்குக் கிடைக்கவில்லை என்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இதுவரை யாருமே தேடாத ஒன்றைத் தேடினால் என்ன காட்டும்?

இது அரிதான நிலை அல்ல. ஒரு நாளில் வரும் தேடல்களில் சுமார் 15% முன்பு ஒருபோதும் வராதவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அப்போது முழுச் சொற்றொடருக்கான வரலாறு இல்லாததால், அதைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுகளுக்கு உள்ள வரலாற்றைப் பயன்படுத்தலாம். நான்காம் கேள்வியில் சொன்ன யாஹூ ஆய்வின் வழி இதுவே: ஒரு துண்டை அப்படியே வைத்து, மற்றதற்கு மாற்றாக மக்கள் எழுதியவற்றைப் பொருத்திப் பார்ப்பது. "கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் பிளேட்லெட் ஏற்றலாமா" என்பது புதிதாக இருந்தாலும், "கர்ப்பிணிக்கு டெங்கு", "டெங்கு பிளேட்லெட் ஏற்றுதல்" ஆகிய இரண்டும் பழகியவை. சொற்றொடர்களைப் பொருள் நெருக்கத்துக்கேற்ப எண்தொடர்களாக மாற்றி, அருகில் விழும் பழைய தேடல்களைக் காட்டுவது பின்னர் வந்த வழி. இரண்டிலும் பொதுவான குறை ஒன்று உண்டு: பரிந்துரை எப்போதும் உங்கள் தேடலைவிடப் பொதுவான ஒன்றை நோக்கி இழுக்கும், உங்கள் சூழ்நிலையைத் தனித்துவமாக்கிய சொல்லே முதலில் உதிரும். இந்த எடுத்துக்காட்டில் அது "கர்ப்பிணி" என்ற சொல்லாக இருக்கக்கூடும். அப்படி உதிர்ந்தால் பரிந்துரையைத் தொடாமல் உங்கள் சொற்களிலேயே தொடருங்கள்.

பரிந்துரையில் மேலே இருப்பதை வைத்து, இதைத்தான் மக்கள் அதிகம் தேடுகிறார்கள் என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. பட்டியலின் வரிசை, எண்ணிக்கையைக் காட்டவில்லை என்பதை நான்காம் கேள்வியின் கணக்கே சொல்கிறது. அதோடு இடம், மொழி, அண்மைக்கால எழுச்சி, உங்கள் பழைய தேடல்கள் ஆகியவையும் பட்டியலை மாற்றுகின்றன. விதிகளின்படி நீக்கப்பட்டவை வராது என்பதால், ஒன்று பட்டியலில் இல்லை என்பதும் யாரும் அதைத் தேடவில்லை என்பதற்குச் சான்றாகாது. 2020 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி, ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவாகவோ எதிராகவோ படிக்கத்தக்க பரிந்துரைகளைக் காட்டமாட்டோம் என்று கூகுள் அறிவித்தது. அந்த மாதங்களின் பரிந்துரைகளைக் கொண்டு மக்களின் மனநிலையை எழுதியிருந்தால், நிறுவனத்தின் விதியையே மக்களின் மௌனமாக எண்ணியிருப்போம்.

ஒப்பிட வேண்டுமானால், தேடல்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் என்ற சேவை இதைவிடப் பொருத்தமானது. அதுவும் எண்ணிக்கையைத் தராது, தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கேற்பக் காட்டும். அங்கே தொடர்புடைய தேடல்கள் இரண்டாகப் பிரிந்திருக்கும். Top என்பது அந்தக் காலத்தில் அதிகம் தேடப்பட்டவை, Rising என்பது முந்தைய காலத்தைவிட வேகமாக வளர்ந்தவை. Breakout என்று குறித்திருந்தால் வளர்ச்சி 5,000 சதவீதத்துக்கு மேல் என்று பொருள். முன்பு ஏறக்குறைய யாருமே தேடாத ஒன்றைச் சிலர் தேடத் தொடங்கினாலும் இந்த அளவு வளர்ச்சி வந்துவிடும் என்பதால், அந்தச் சொல்லைக் கண்டதும் நாடே தேடுகிறது என்று தலைப்பிட வேண்டாம்.

பரிந்துரைகளைத்தான் ஆதாரமாகக் காட்ட வேண்டும் என்ற நிலை வந்தால், கணக்கிலிருந்து வெளியேறி, உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் தேடி, எந்த ஊரிலிருந்து, எந்த மொழி அமைப்பில், எந்த நாளில், எந்த எழுத்துகளை இட்டபோது வந்தது என்பதைத் திரைப்பிடிப்புடன் சேர்த்து எழுதுங்கள். அதே தேடலை ஒரு வாரம் கழித்து இன்னொரு கருவியில் செய்து பாருங்கள். இரண்டு முறையும் நின்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, "இத்தனை பேர்" என்ற சொல்லைத் தவிர்த்து, "இன்ன தேடலுக்கு இது பரிந்துரையாக வந்தது" என்று மட்டும் எழுதுங்கள்.